அந்தக் குரலைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

மனதுக்குள் பல குரல்கள் இருக்கின்றன என்று சொன்னால் தமிழில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படுவதில்லை. "ஒரு மனசு போகச் சொல்லுது, ஒரு மனசு வேண்டாங்குது" என்று தினமும் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த இரண்டு மனசிடமும் தனித்தனியாகப் பேசலாம், அவை பதில் சொல்லும், அந்தப் பேச்சுக்கு ஒரு ஒழுங்குமுறை இருக்கிறது என்று சொல்லும்போதுதான் புருவம் உயர்கிறது. இந்த ஒழுங்குமுறையை வகுத்த சிகிச்சை முறைக்கு இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ் என்று பெயர். சுருக்கமாக ஐஎஃப்எஸ். நான் ஆலோசகர் இல்லை. இந்த முறையில் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரிடம் சில காலம் போனேன், அதன் பிறகு விடாமல் படித்துவருகிறேன். புதிதாகக் கேட்பவர்களுக்கு இதில் எதை முதலில் சொல்லலாம் என்று யோசித்தால், எனக்கு ஒரே ஒரு கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

கேள்விக்கு முன்னால் அது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

1980களின் தொடக்கம். ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் சிகாகோவில் குடும்பச் சிகிச்சை செய்துவந்த இளம் ஆலோசகர். அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வலிந்து வாந்தி எடுக்கும் புலிமியா என்ற பிரச்சினை உள்ள இளம்பெண்கள் அவரிடம் வந்தார்கள். குடும்பத்துக்குள் இருக்கும் உறவுச் சிக்கலைச் சரிசெய்தால் நோயும் சரியாகிவிடும் என்பது அவர் கற்றுவந்த பாடம். குடும்பங்கள் ஓரளவு சரியாயின, நோய் போகவில்லை. ஏன் என்று அந்தப் பெண்களிடமே கேட்டார். உள்ளே ஒரு குரல் ஓயாமல் திட்டுகிறது, அது திட்டத் திட்ட யாருமே வேண்டாத ஒரு சின்னப் பிள்ளை போன்ற உணர்வு எழுகிறது, அதைத் தாங்க முடியாமல் இன்னொன்று வந்து சாப்பிட வைக்கிறது, சாப்பிட்டு முடித்ததும் முதல் குரல் திரும்பவும் திட்ட ஆரம்பிக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். வெளியே குடும்பங்களில் அவர் பார்த்துப் பழகிய அதே சுற்று.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். திட்டும் குரலை எதிர்த்துப் பேசுங்கள், சாப்பிடச் சொல்லும் குரலை அடக்குங்கள் என்றார். நிலைமை மோசமானது. தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் பழக்கமுள்ள ஒரு பெண்ணைப் பற்றி அவர் பல முறை பொதுவில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணோடு சேர்ந்து, வெட்டத் தூண்டும் பகுதியை வற்புறுத்தி வற்புறுத்தி, இந்த வாரம் வெட்ட மாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வைத்து அனுப்பினார். அடுத்த வாரம் அந்தப் பெண் முகத்தில் பெரிய வெட்டோடு வந்தாள். உன்னை என்னால் ஜெயிக்க முடியாது என்று அவர் அந்தப் பகுதியிடம் ஒப்புக்கொண்டார். உன்னை ஜெயிக்கவேண்டும் என்று எனக்கும் இல்லை என்றது அது. அப்போதுதான் அவர் முதல்முறையாக, அடக்கும் நோக்கமில்லாமல், ஏன் இதைச் செய்கிறாய் என்று கேட்டார். அந்தப் பெண் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானபோது, வலியிலிருந்து அவளை விலக்கி வைக்கவும், வெளியே காட்டினால் மேலும் ஆபத்தைக் கொண்டுவரக்கூடிய ஆத்திரத்தை அடக்கி வைக்கவும் தான் இந்த வேலையை எடுத்துக்கொண்டதாக அது சொன்னது. அந்த வேலைக்கு இப்போது அவசியமில்லை. அது அந்தப் பகுதிக்குத் தெரியவில்லை.

இதிலிருந்துதான் ஐஎஃப்எஸ்ஸின் அடிப்படை வந்தது. உள்ளே இருக்கும் எந்தப் பகுதியும் கெட்டது இல்லை. ஒவ்வொன்றும் எப்போதோ, ஏதோ ஓர் ஆபத்தைத் தடுக்க ஒரு வேலையை எடுத்துக்கொண்டது. அந்த வேலைகளை ஷ்வார்ட்ஸ் மூன்று வகையாகப் பார்த்தார். பழைய காயத்தின் பயத்தையும் அவமானத்தையும் சுமக்கும் இளம் பகுதிகள் உள்ளே தள்ளிப் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். இவை ஒதுக்கப்பட்டவை. அந்தப் பூட்டு திறந்துவிடாதபடி நாள் முழுவதும் முன்கூட்டியே வேலை செய்பவை மேனேஜர்கள்: திட்டுவது, திட்டம் போடுவது, எல்லாரையும் திருப்திப்படுத்துவது. இவற்றை மீறிப் பூட்டு திறந்துவிட்டால், பின்விளைவு எதையும் பார்க்காமல் ஓடிவந்து அணைப்பவை தீயணைப்பாளர்கள்: குடி, அளவில்லாத சாப்பாடு, விடிய விடிய போன், கத்தல். மேனேஜருக்கும் தீயணைப்பாளருக்கும் ஆகவே ஆகாது. ஆனால் இரண்டும் காவல் காப்பது ஒரே பிள்ளையைத்தான்.

இந்தப் பட்டியலோடு நிறைய பேர் நின்றுவிடுகிறார்கள். "என் மேனேஜர் இன்னிக்கு ரொம்ப ஆக்டிவ்" என்று பெயர் சூட்டிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அதனால் எதுவும் மாறுவதில்லை. மாற்றம் தொடங்குவது பேச்சில்தான், அந்தப் பேச்சு ஒரு கேள்வியில் தொடங்குகிறது: "அந்தப் பகுதியைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறது?"

பதில் என்ன என்பதை விட, பதில் சொல்வது யார் என்பதைத்தான் இந்தக் கேள்வி காட்டிக்கொடுக்கிறது. "எரிச்சலா இருக்கு, தொலைஞ்சா போதும்" என்று பதில் வந்தால், பேசுவது எரிச்சலில் இருக்கும் இன்னொரு பகுதி. "பயமா இருக்கு" என்றால் பயந்த ஒரு பகுதி. ஷ்வார்ட்ஸுக்கு இதில் கைகொடுத்தது குடும்பச் சிகிச்சையின் பழைய பழக்கம். அம்மாவும் மகளும் பேசும்போது நடுவில் அப்பா குறுக்கிட்டுக்கொண்டே இருந்தால், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று அவரிடம் கேட்பார்கள். அதையே உள்ளேயும் செய்து பார்த்தார். எரிச்சல்படும் பகுதியைக் கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று கேட்கச் சொன்னார். அது நகர்ந்ததும் அதே ஆளின் குரல் மாறியது, அந்தப் பகுதி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் தானாக வந்தது. இப்போது பேசுவது எந்தப் பகுதி என்று கேட்டால், இது பகுதி இல்லை, இது நான்தான் என்றார்கள். இந்த நிலையைத்தான் அவர் செல்ஃப் என்று அழைத்தார். இதை வளர்த்தெடுக்கத் தேவையில்லை, மற்றவை வழிவிட்டால் போதும், ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்பது அவர் நிலைப்பாடு. இந்த ஒரு விஷயத்தில்தான் ஐஎஃப்எஸ் மற்ற முறைகளிலிருந்து பெரிதும் விலகுகிறது என்பது என் கருத்து.

சரி, இது நடக்கும்போது எப்படி இருக்கும்? என் தோழி ஒருத்தியின் அனுமதியோடு, ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியை, வயது 43. அவளுடைய பெரியம்மா மகன் போன் செய்து, கூட்டுறவு சொசைட்டியில் லோன் வாங்குகிறேன், ஜாமீன் கையெழுத்துப் போடுவியா என்று கேட்கிறார். அவர் முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் இவள் "சரிண்ணா" என்றுவிட்டாள். அன்று இரவு ஒரு மணி வரை போனில் ரீல்ஸ். மறுநாள் காலையிலிருந்து உள்ளே ஒரே அர்ச்சனை: "உனக்கெல்லாம் எதுக்கு சம்பளம்? வாயத் திறந்து ஒரு 'வேண்டாம்' சொல்லத் தெரியாதா?" அன்று மாலை என் வீட்டுக்கு வந்தாள்.

மூன்று பகுதிகள் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தன: சரி என்று சொன்னது, ரீல்ஸ் பார்த்தது, திட்டியது. ஒரே நேரத்தில் எல்லாவற்றோடும் பேச முடியாது. எதை முதலில் பார்க்கலாம் என்று கேட்டேன். சரி என்று சொன்னதை என்றாள். அது உடம்பில் எங்கே தெரிகிறது? கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்துவிட்டு, "கன்னத்துல. அவர் பேச ஆரம்பிச்சதுமே கன்னம் தானா சிரிச்சுடுது. தொண்டைக்குள்ள யாரோ அவசரப்படுத்துற மாதிரி இருக்கு" என்றாள். உடம்பில் இடம் கேட்பது சடங்கு இல்லை. யோசித்துப் பதில் சொல்வதிலிருந்து, கவனித்துப் பதில் சொல்வதற்கு ஆளை அது நகர்த்துகிறது.

அதற்கப்புறம் அந்தக் கேள்வி. இந்தக் கன்னத்துச் சிரிப்பைப் பற்றி உனக்கு என்ன தோணுது?

"செவிட்டுல ஒண்ணு விடலாம்னு தோணுதுடி."

இது காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்த அதே பகுதி. கொஞ்சம் தள்ளி நிற்குமா என்று கேட்கச் சொன்னேன். மாட்டேன் என்றது. காரணமும் சொன்னது: "நான் தள்ளிப்போனா இவ இன்னும் பத்துப் பேருக்குக் கையெழுத்துப் போட்டுட்டு நிப்பா."

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுவார்கள், ஏனென்றால் திட்டும் குரலைச் சமாளித்துவிட்டு அசல் விஷயத்துக்குப் போகவேண்டும் என்று தோன்றும். ஐஎஃப்எஸ் விதி அதற்கு நேர்மாறானது. வழிவிட மறுப்பது எதுவோ, அதனிடம்தான் முதலில் பேசவேண்டும். ஆகவே "சரி" சொன்ன பகுதியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் திட்டுகிறவரிடம் வந்தோம். திட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய்? ஏமாளி என்று பெயர் வந்துவிடும், ஊரே ஏறி மிதிக்கும் என்றது. எவ்வளவு காலமாக இந்த வேலை? காலேஜ் படிக்கும்போதிலிருந்து. இவ்வளவு திட்டியும் அவள் மாறியிருக்கிறாளா? இல்லை. அது தோழிக்கே புதிதாகக் கேட்டது போலிருந்தது. அவளைக் காப்பாற்றத்தான் கத்துகிறாய், அது புரிகிறது என்று அதனிடம் சொல்லச் சொன்னேன். இன்று மாலை கையெழுத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்தாள். அந்த உறுதி கிடைத்த பிறகுதான் அது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கச் சம்மதித்தது. முழுதாக வெளியே போகவில்லை. அது போதும்.

திரும்பவும் அதே கேள்வி. இப்போது கன்னத்துச் சிரிப்பைப் பற்றி என்ன தோணுது? கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு வேறு தொனியில், "எவ்வளவு வருஷமா இப்படி ஓடிக்கிட்டே இருக்கு இது? யாரு சொன்னா இத?" என்றாள். கேள்வியில் வேகம் இல்லை, குறை சொல்லும் தொனி இல்லை. இதுதான் வழி கிடைத்துவிட்டதற்கு அடையாளம். அந்தக் கேள்வியை அதனிடமே கேள் என்றேன்.

வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று அது நினைக்கிறது? "வீட்ட விட்டு அனுப்பிடுவாங்க." உனக்கு இப்போ என்ன வயசு ஆகுதுன்னு அது நினைக்குது? இந்தக் கேள்வியைப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அடிக்கடி கேட்பார்கள். காவல் காக்கும் பகுதிகள் பெரும்பாலும் காலத்தில் பின்னால் நின்றுபோனவை. தோழிக்கு உடனே பதில் வந்தது: ஏழு. அவளுக்கு ஏழு வயது ஆகும்போது அப்பா அம்மா வேலைக்காகத் திருப்பூர் போய்விட்டார்கள். ஒரு வருஷம் அவள் பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள். யாரும் கொடுமை செய்யவில்லை. ஆனால் அது தன் வீடு இல்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. யார் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிப் பழகியிருக்கிறது. இப்போது போனில் கையெழுத்துக் கேட்ட அண்ணன், அந்த வீட்டுப் பையன். அவர் குரலைக் கேட்டதும் 43 வயதுக்காரியிடம் கேட்காமலே ஏழு வயதுக் கன்னம் சிரித்துவிட்டது.

அந்த நேரத்தில் அவளுக்கு அழுகை வந்தது. சரி சொல்லும் மேனேஜருக்குப் பின்னால் இருந்த ஒதுக்கப்பட்ட பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டது. நாங்கள் அதோடு நிறுத்தினோம். உன்னைப் பார்த்துவிட்டோம், திரும்பி வருவோம் என்று அதனிடம் சொல்லச் சொன்னேன். சரி சொல்லும் பகுதிக்கு அவளுடைய இப்போதைய வயதையும், இப்போது அவள் குடியிருப்பது அவள் சொந்த வீடு என்பதையும் தெரிவித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். அப்புறம் காபி போட்டேன்.

ஏன் நிறுத்தினோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். காவல் பகுதிகளோடு பேசுவதைத் தனியாகவோ நம்பகமான ஒருவரோடோ ஓரளவு செய்யலாம். ஒதுக்கப்பட்ட பகுதியிடம் போவது வேறு வேலை. அங்கே உணர்ச்சி ஒரேயடியாகப் பொங்கி, ஆள் அதில் முழுதாக அமிழ்ந்துவிட முடியும். அதிலிருந்து மீட்டுக்கொண்டுவரப் பயிற்சி வேண்டும். இன்னொரு காரணம், காவல் பகுதிகளின் சம்மதம் இல்லாமல் உள்ளே போனால் அவை திருப்பி அடிக்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தலைவலி, அடித்துப் போட்டது போல் தூக்கம், மனம் வெறுமையாகிவிடுவது, வழக்கத்தை விடக் கடுமையான அர்ச்சனை, விட்டுப்போன குடியோ சிகரெட்டோ திரும்ப வருவது, ஆலோசகரிடம் போகவேண்டிய நாளை மறந்தே போவது. இவற்றில் ஏதாவது வந்தால் வேகமாகப் போய்விட்டோம் என்று பொருள். மேலும் முன்னால் போகாமல், யாருக்கு இதில் சம்மதம் இல்லை என்று கேட்கவேண்டும்.

தொடங்குபவர்களை ஏமாற்றும் இன்னொன்று, போலியான செல்ஃப். "நான் அந்தப் பகுதியை முழுசா ஏத்துக்கிறேன்" என்று அமைதியான குரலில் சொல்வார்கள். கொஞ்சம் கிளறினால், ஏற்றுக்கொண்டால் சீக்கிரம் போய்விடும் என்ற கணக்கு அடியில் இருக்கும். அதுவும் ஒரு மேனேஜர்தான், நல்ல வார்த்தைகள் கற்றுக்கொண்ட மேனேஜர். "ஐயோ பாவம், எப்படியாவது இப்பவே காப்பாத்தணும்" என்று பதறுவதும் ஒரு பகுதிதான். கண்டுபிடிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. இந்தப் பகுதி இன்றைக்கு மாறவே இல்லை என்றால் எனக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளலாம். உள்ளே சுருக்கென்றால் இன்னும் யாரோ முன்னால் நிற்கிறார்கள். நெற்றி இறுகியிருப்பது, மூச்சு மேலோட்டமாக இருப்பது போன்றவையும் காட்டிக்கொடுக்கும்.

நினைவுகள் விஷயத்திலும் கவனம் தேவை. கண்ணை மூடிப் பகுதிகளோடு பேசும்போது வரும் காட்சிகள் உண்மையான நினைவாக இருக்கலாம், பாதி நினைவும் பாதி கற்பனையுமாக இருக்கலாம், வெறும் உருவகமாகவும் இருக்கலாம். தோழிக்குப் பெரியம்மா வீட்டு வருஷம் ஏற்கெனவே தெரிந்த, எல்லாரும் அறிந்த விஷயம். இதுவரை நினைவிலேயே இல்லாத ஒரு சம்பவம் திடீரென்று வந்தால், அதை நடந்ததற்கான சாட்சியாக எடுத்துக்கொண்டு யார் மீதும் பழி சொல்லக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் "உன்னை யாராவது அடிச்சாங்களா?" என்பது போல் வழிகாட்டும் கேள்வி எதையும் கேட்கவே கூடாது. பதிலை நாமே ஊட்டிவிடுவோம். இது இந்தத் துறையில் உண்மையாகவே பலருக்குத் தீங்கு செய்திருக்கிற விஷயம், நான் இதில் கண்டிப்பானவள்.

இங்கே குரல் என்று சொல்வது, இது என் எண்ணம்தான் என்று தெரிந்தே நாம் கவனிக்கும் ஒன்றை. காதால் கேட்பது போல வெளியிலிருந்து குரல் வந்தால், அது கட்டளையிட்டால், நடுவில் பல மணி நேரம் என்ன நடந்தது என்றே நினைவில்லாமல் போனால், வீட்டில் உட்கார்ந்து இதை முயற்சி செய்யாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

இது அறிவியல்படி நிரூபிக்கப்பட்டதா என்று கேட்பார்கள். கொஞ்சம்தான். எனக்குப் பிடித்த முறை என்பதற்காக அதைப் பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன். முடக்குவாத நோயாளிகள் 79 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 9 மாதம் ஐஎஃப்எஸ்ஸும் மற்றதற்கு நோய் பற்றிய விளக்கமும் கொடுத்த ஆய்வு 2013இல் வெளியானது. ஐஎஃப்எஸ் குழுவினர் தாங்களே சொன்ன மூட்டுவலியும், மனச்சோர்வின் அறிகுறிகளும் குறைந்து, தங்கள் மீதான பரிவு கூடியது. ஒரு வருஷம் கழித்தும் அது நிலைத்தது. பதற்றத்திலோ நோயின் தீவிரத்திலோ அப்படி நிலைத்த மாற்றம் இல்லை. பிறகு வந்த ஆய்வுகளில் பல சிறியவை, சிலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவே கிடையாது. செல்ஃப் என்பது உண்மையில் என்ன என்பதற்கு ஆய்வுக்கூடத்தில் விடை இல்லை. இந்தப் பேச்சுமுறை வேலை செய்கிறதா என்பது ஒரு கேள்வி, மனது நிஜமாகவே இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை முடிவுசெய்துவிட முடியாது.

தோழி அதற்கப்புறம் ஓர் ஆலோசகரிடம் போனாள். அந்த ஏழு வயதுப் பிள்ளையின் வேலை அங்கேதான் நடந்தது. அந்த வருஷம் எப்படி இருந்தது என்று அது காட்டுவதை அவசரப்படாமல் பார்ப்பது, யாரும் அப்போது வந்து சொல்லாததை இப்போது வந்து சொல்வது, அந்த வீட்டிலிருந்து அதை வெளியே அழைத்துவருவது, நான் வேண்டாதவள் என்ற எண்ணத்தை அதன் கையாலேயே இறக்கி வைக்கச் செய்வது. இதைச் சுமை இறக்குதல் என்கிறார்கள். தண்ணீரில் விடுவதா, நெருப்பில் போடுவதா என்று அந்தப் பகுதியே தேர்ந்தெடுக்கும். அவள் பிள்ளை கிணற்றில் போட்டதாம். சுமை இறங்கிய பிறகும் சில வாரங்களுக்குத் தினமும் ஒரு முறை போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தார் ஆலோசகர். அப்படிப் பார்க்காவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவது உண்டு.

சரி சொல்லும் பகுதி போகவில்லை. அவளோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறது. யாராவது பணமோ கையெழுத்தோ கேட்டால், அது "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிக்கொள்ளலாம், சிரித்துக்கொண்டேகூடச் சொல்லலாம். யோசிக்கும் வேலை அவளுடையது. அண்ணனுக்கு அவள் கையெழுத்துப் போடவில்லை. அவர் அடுத்த தீபாவளிக்கு வீட்டுக்கு வரவில்லை, பொங்கலுக்கு வந்தார். அந்த இடைப்பட்ட மாதங்களில் இரவு நேர ரீல்ஸ் திரும்பத் தலைகாட்டியது. இந்தத் தடவை போனைப் பிடுங்கி வைப்பதற்கு முன்னால், எதை அணைக்க வந்திருக்கிறாய் என்று அதனிடம் கேட்டிருக்கிறாள்.